தேர்வுக் கட்டணம் இரண்டு முறை போய்விட்டது: கூடுதல் பணத்தை யாரிடம், எப்படிக் கேட்பது?

வாசகி கேள்வி: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறேன். டிசம்பர் தேர்வுக் கட்டணம் ரூ.1,875. அக்டோபர் 14 மாலை பிரவுசிங் சென்டர் அண்ணன் தன் யுபிஐ-யில் கட்டினார்; நான் அவரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து ‘பெண்டிங்’ என்று நின்றுவிட்டது. மறுநாள் கடைசித் தேதி. பயந்துபோய் அன்றிரவே வீட்டில் என் டெபிட் கார்டில் மறுபடி கட்டினேன். சேவைக் கட்டணத்தோடு ரூ.1,892 போனது, ரசீதும் வந்தது. சென்டர் அண்ணன் தன் போனிலும் ‘சக்சஸ்’ என்றுதான் இருக்கிறது என்கிறார். பல்கலைக்கழகத்தில் கேட்டால், கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது என்று அறிவிப்பிலேயே இருக்கிறது என்கிறார்கள். என் வங்கி கையை விரித்துவிட்டது. இன்றோடு 41 நாள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் ரூ.4,100 நஷ்டஈடு வரும், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்கிறாள் தோழி. கார்டில் போன பணத்தை வங்கியில் புகார் கொடுத்துத் திரும்பப் பிடித்துவிடலாம் என்கிறான் தம்பி. நான் என்ன செய்யட்டும்?

— விழுப்புரம் மாவட்ட வாசகி

வழக்கறிஞர் பதில்:

தம்பி சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கையில் இருக்கும் ரசீது கார்டில் கட்டிய பணத்துக்கானது. பல்கலைக்கழகத்தின் கணக்கில் உங்கள் தேர்வு விண்ணப்பம் அந்தப் பணத்தின் மேல்தான் நிற்கிறது. அதை வங்கி மூலம் திரும்பப் பிடித்தால், போர்ட்டலில் உங்கள் விண்ணப்பம் ‘கட்டணம் செலுத்தப்படவில்லை’ என்று மாறக்கூடும். தேர்வுக்குச் சில வாரமே இருக்கும்போது ஹால் டிக்கெட் நின்றுபோனால், 1,875 ரூபாய்ப் பிரச்சினை ஆறு மாதப் பிரச்சினையாகிவிடும்.

இரண்டாவதாகக் கட்டியதுதான் கூடுதல் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். எது முதலில், எது பின்னால் என்பது இங்கே கணக்கே இல்லை. எந்தப் பணம் விண்ணப்பத்தோடு சேரவில்லையோ அதுதான் கூடுதல். போர்ட்டலில் ‘கட்டணம் செலுத்து’ என்பதை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் புதிதாக ஓர் ஆர்டர் எண் உருவாகிறது. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தைப் பொறுத்தவரை அவை இரண்டு தனித்தனி வாங்கல்கள்; ஒரே ஆள் ஒரே கட்டணத்தைத்தான் கட்டுகிறார் என்று அதற்குத் தெரியாது. மாலையில் சென்டரில் கட்டிய ஆர்டருக்கு, பணம் வந்துவிட்டது என்ற செய்தி போர்ட்டலுக்கு உரிய நேரத்தில் வரவில்லை, ‘பெண்டிங்’ என்று நின்றது. இரவில் கட்டிய கார்டு ஆர்டருக்குச் செய்தி உடனே வந்ததால் ரசீது பிறந்தது. ஆகவே நீங்கள் திரும்பக் கேட்க வேண்டியது சென்டரில் கட்டிய ரூ.1,875-ஐ.

இதை ஊகமாக விடாமல் உறுதி செய்துகொள்ளுங்கள். ரசீதில் உள்ள டிரான்சாக்ஷன் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் எடுத்து, உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் அக்டோபர் 14 அன்று உள்ள வரியோடு ஒப்பிடுங்கள். தொகையே பாதி சாட்சி: ரசீதின் மொத்தம் ரூ.1,892 என்றிருந்தால் அது கார்டு. போர்ட்டலில் உங்கள் லாகினுக்குள் ‘பேமென்ட் ஹிஸ்டரி’ இருந்தால் இரண்டு ஆர்டர்களும் அதில் தெரியும். எதன் எதிரே என்ன நிலை காட்டுகிறது என்பதை இன்றைய தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பின்னால் அந்தப் பக்கம் மாறிவிடலாம்.

பணம் இப்போது எங்கே இருக்கிறது?

கடிதம் எழுதுவதற்கு முன்னால் பிரவுசிங் சென்டருக்கு ஒரு நடை போய்வாருங்கள். பணம் யாருடைய கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பி வரும். நீங்கள் ரொக்கம் கொடுத்தது எந்த வங்கிக்கும் தெரியாது. ‘பெண்டிங்’கில் நின்ற பணம் சில நாளிலேயே தானாகத் திரும்பி, அந்த அண்ணன் கணக்கில் விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. தினமும் நூறு பேருக்குக் கட்டணம் கட்டித் தரும் கணக்கில் ரூ.1,875 வரவு ஒன்று கண்ணில் படாமலே போயிருக்கலாம். போனில் ‘சக்சஸ்’ என்று இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் பணம் பின்னால் திரும்பினாலும் பழைய வரி அப்படியே நிற்கும். திரும்பிய தொகை தனி வரவாகத்தான் பதிவாகும்.

அதனால் அவரிடம் கேட்க வேண்டியது போன் திரையை அல்ல, அக்டோபர் 14 முதல் இன்றுவரையிலான வங்கிக் கணக்கு அறிக்கையை. மற்றவர்களின் வரிகளை அவர் மறைத்துக்கொள்ளட்டும். பற்று வரியில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். யுபிஐ குறிப்பு எண் அதுதான். ரூ.1,875 என்ற வரவு இருக்கிறதா, அதன் விவரத்தில் ரிவர்சல், ரீஃபண்ட் போன்ற சொல்லோ அதே எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. அவர் உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இல்லையென்றால் அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: இந்தத் தேதியில், இந்த எண்ணில் தன் கணக்கிலிருந்து போன ரூ.1,875 உங்களுக்காகக் கட்டியது, அதற்கான ரொக்கத்தை உங்களிடம் பெற்றுக்கொண்டார், பணம் தன் கணக்குக்குத் திரும்பினால் உங்களிடம் கொடுத்துவிடுவார் என்று. கையெழுத்துப் போட்டால் நல்லது. வாட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் பரவாயில்லை. அவர் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும்.

நாளுக்கு 100 ரூபாய் யாருக்கு?

உங்கள் தோழி சொல்லும் விதி உண்மையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை அது. யுபிஐ மூலம் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டும்போது கணக்கில் பணம் கழிந்து, பெறும் நிறுவனத்துக்கு உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லையென்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு ரூ.100. கார்டில் இணையம் வழியே கட்டியதற்கும் இதே கணக்குதான். காலண்டர் நாள்களாகவே எண்ண வேண்டும்.

ஆனால் இது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கான விதி. இரண்டு முறையும் பணம் ஒழுங்காகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் தோல்வி என்று எதுவும் இல்லை. வெற்றியடைந்த பரிவர்த்தனைகள் இரண்டு இருக்கின்றன, அவ்வளவுதான். அப்போது வங்கியிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. கேட்வேயில் பணம் தங்கியிருப்பதும் பொதுவாக ஓரிரு நாள்தான். பிறகு மற்ற மாணவர்களின் கட்டணத்தோடு மொத்தமாகப் பல்கலைக்கழகக் கணக்கில் வரவாகிவிடும். 41 நாள் கழித்து, சென்டர் அண்ணன் கணக்குக்கும் திரும்பவில்லையென்றால், அந்தப் பணம் பல்கலைக்கழகத்தின் கணக்கில் யார் பெயரும் ஒட்டாத உபரியாகக் கிடக்கிறது என்பதே அதிக சாத்தியம்.

இதை ஊகிக்காமல் தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான்: பல்கலைக்கழகத்தின் எழுத்துப்பூர்வமான பதில். ‘அந்த எண்ணில் எங்களுக்குப் பணம் வரவில்லை’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், அது உங்களுக்குக் கிடைத்த மறுப்பு என்று நினைத்து வருந்தாதீர்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் சென்டர் அண்ணன் தன் வங்கியில் புகார் கொடுக்க முடியும். தோழியின் கணக்கு அப்போதுதான் உயிர் பெறும், அதுவும் ரூ.4,100 ஆகாது. முதல் 5 நாள் போக, அக்டோபர் 20 முதல் நவம்பர் 24 வரை 36 நாள், ரூ.3,600. புகார் கொடுக்க வேண்டியவர் கணக்கு வைத்திருப்பவர், நஷ்டஈடு விழுவதும் அவர் கணக்கில்தான். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். உங்கள் வங்கி கையை விரித்ததைப் பற்றி வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் கார்டில் போனது சரியான பணம். அவர்களிடம் கேட்க எதுவும் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதும் கடிதம்

‘கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற வரி ஏறக்குறைய எல்லாத் தேர்வு அறிவிப்பிலும் இருக்கிறது. தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு எழுதாமல் விட்டவர், தகுதியில்லாமல் விண்ணப்பித்தவர் ஆகியோருக்கான வரி அது. கட்ட வேண்டிய கட்டணத்தைப் பற்றித்தான் அது பேசுகிறது. நீங்கள் கேட்பது கட்ட வேண்டியே இராத பணம். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 72-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டியவர் அவசரப்பட்டார் என்பது அதற்குப் பதிலாகாது. போனில் பேசும் எழுத்தரோடு இதை வாதிட வேண்டாம். கடிதத்தில் ஒரே வரியாக எழுதுங்கள், போதும்.

தேர்வுக் கட்டணம் என்பதால் கடிதம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போக வேண்டும், நகல் நிதி அலுவலருக்கு. பணத்தை விடுவிப்பது நிதிப் பிரிவு; ஆனால் ‘இந்த மாணவிக்கு ஒரு கட்டணம்தான் உரியது’ என்று தேர்வுப் பிரிவு குறிப்பு எழுதாமல் அவர்கள் கோப்பைத் தொடமாட்டார்கள். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில்தான் இத்தகைய மனுக்கள் மாதக்கணக்கில் தூங்குகின்றன. தொலைநிலைக் கல்வி நிறுவனத்துக்குத் தனி இயக்குநர் இருந்தால் அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கல்லூரியில் நேரடியாகப் படிப்பவர்கள் முதல்வர் மூலமாக அனுப்புவது நல்லது. இது சேர்க்கை விண்ணப்பக் கட்டணமாக இருந்திருந்தால் பதிவாளர் அல்லது சேர்க்கைப் பிரிவுக்கு எழுத வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பதிவு எண், விண்ணப்ப எண், தேர்வு மாதம் ஆகியவற்றை மேலே எழுதிவிட்டு, விஷயத்தை இப்படிச் சொல்லலாம்:

“மேற்கண்ட விண்ணப்பத்துக்கு 14.10 அன்று இரண்டு முறை கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது. (1) மாலை 6.40, யுபிஐ, ரூ.1,875, ஆர்டர் எண் ..., யுபிஐ குறிப்பு எண் ... (2) இரவு 9.15, டெபிட் கார்டு, கட்டணம் ரூ.1,875, ஆர்டர் எண் ..., ரசீது எண் ... இரண்டாவது தொகைக்கு ரசீது வழங்கப்பட்டு, அது என் விண்ணப்பத்தில் ஏற்கப்பட்டுள்ளது. அதை மாற்ற வேண்டாம். முதலாவது தொகை மட்டும் கூடுதலானது. அது தங்கள் கணக்கில் வரவாகியிருந்தால், செலுத்தப்பட்ட அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். வரவாகவில்லை என்றால் அதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.”

நேரம் உங்களுக்குச் சரியாக எத்தனையோ அதை எழுதுங்கள். ‘அதை மாற்ற வேண்டாம்’ என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தவறான ஆர்டரைத் திருப்பி அனுப்பி, பிறகு ‘கட்டணம் பாக்கி’ என்று வந்து நிற்கும் சிக்கல் அப்படித்தான் தொடங்குகிறது. சென்டர் அண்ணனின் கணக்கு அறிக்கைப் பக்கம், அவர் எழுதிக் கொடுத்தது, உங்கள் ரசீது, கார்டுக்கான கணக்கு அறிக்கைப் பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். போன் திரைப் படங்களை மட்டும் இணைத்தால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். மின்னஞ்சலில் அனுப்பிய கையோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் அதே கணக்குக்கு என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கேட்வே வழியாகத் திருப்பும்போது பணம் வந்த வழியிலேயே போவதுதான் நடைமுறை. உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்தால் கோப்பு ‘பெயர் பொருந்தவில்லை’ என்று நிற்கும். மாதங்கள் பல கடந்துவிட்டால் கேட்வேயில் அந்த வழி மூடிவிடும். அதன் பின் நிதி அலுவலர் தனியாக வங்கி மாற்றம் செய்ய வேண்டும். அப்போது உங்கள் கணக்கில் போடச் சொல்லலாம்; ரத்து செய்த காசோலையும் சென்டர் அண்ணனின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். அந்த இழுபறியைத் தவிர்க்கத்தான் இந்த வாரமே எழுதச் சொல்கிறேன். கார்டில் சேவைக் கட்டணமாகப் போன 17 ரூபாயை மறந்துவிடுங்கள். அது சரியான பணத்தோடு போனது.

‘திருப்பி அனுப்பிவிட்டோம்’ என்று பதில் வந்தால், அதற்கான குறிப்பு எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால் சென்டர் அண்ணனின் வங்கியால் தேடிக் கண்டுபிடிக்க முடியும். எண் இல்லாமல் ‘அனுப்பியாச்சு’ என்றால் அனுப்பவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

‘அடுத்த செமஸ்டரில் கழித்துக்கொள்கிறோம்’ என்றும் சில இடங்களில் சொல்வார்கள். உங்களுக்கு இன்னும் செமஸ்டர் பாக்கியிருந்து, எழுத்தில் கொடுத்தால் ஏற்கலாம். வாய்ச்சொல்லாக என்றால் வேண்டாம். அடுத்த முறை போர்ட்டல் முழுத் தொகையைத்தான் கேட்கும், அதைக் குறைத்துக் கட்ட வழியிருக்காது.

30 நாளில் பதில் இல்லையென்றால்

நுகர்வோர் கோர்ட் என்றதும் எல்லோருக்கும் தைரியம் வருகிறது; இங்கே அது பலவீனமான வாசல். தேர்வு நடத்தும் அமைப்பு ‘சேவை’ வழங்குவதில்லை, தேர்வு எழுதுபவர் ‘நுகர்வோர்’ அல்ல என்று பிகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. 2010-இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கிலும் அதே நிலைப்பாடுதான். கூடுதல் பணம் வேறு விஷயம் என்று வாதிடலாம். ஆனால் ரூ.1,875-க்காக முதல் வாய்தாவிலேயே ‘வழக்கு நிலைக்குமா’ என்ற சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள்.

அதைவிடப் பத்து ரூபாய்த் தகவல் உரிமை மனு அதிகம் சாதிக்கும். மாநிலப் பல்கலைக்கழகம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்: இந்த ஆர்டர் எண்ணுக்கான தொகை பல்கலைக்கழகக் கணக்கில் வரவான தேதி, என் கடிதத்தின் மேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல், கூடுதல் கட்டணத்தைத் திருப்புவதற்கான நடைமுறை உத்தரவின் நகல். தகவல் உரிமைச் சட்டம் பணத்தைத் தரச் சொல்லி உத்தரவிடாது. ஆனால் பதில் எழுத யாராவது கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். பாதி மனுக்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

அதோடு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தீர்வு பிடிக்கவில்லையென்றால் பல்கலைக்கழகத்தின் ஓம்பட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு உண்டு. முன்னே சொன்ன ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மன் வேறு, இவர் வேறு. பணம் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது என்று தெரிந்தால் இவரிடமும், போய்ச் சேரவே இல்லையென்றால் ரிசர்வ் வங்கியிடமும் போக வேண்டும்.

இதற்கும் அசையாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. சிவில் வழக்குக்குக் கால வரம்பு 3 ஆண்டு என்பதால் அந்தக் கதவு உடனே மூடிவிடாது. வக்கீல் நோட்டீஸுக்கு இப்போதே செலவு செய்ய வேண்டாம். நோட்டீஸ் கட்டணமே நீங்கள் கேட்கும் தொகையைத் தாண்டிவிடும்.

இதற்கிடையில் ‘யுனிவர்சிட்டி ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்’ என்று உங்களுக்கோ சென்டர் அண்ணனுக்கோ போன் வரலாம். சமூக வலைத்தளத்தில் டிரான்சாக்ஷன் எண்ணோடு புலம்பியவர்களைத் தேடிப்பிடித்து அழைப்பவர்கள் உண்டு. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை, கியூஆர் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, எந்த ஆப்பையும் இறக்கத் தேவையில்லை. தப்பித்தவறிப் பின் போட்டுப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். இரண்டு முறை கட்டணம் போனதற்காக மட்டும் அந்த எண்ணை அழைத்துப் பயனில்லை. அது மோசடிப் புகாருக்கானது.